நகைக்கடன் கெடு முடிந்துவிட்டது, முதலாளியிடம் முன்பணம் கேட்டு எப்படி எழுதுவது?

புதுவயல் எடைமேடை · ஜூன் 4, இரவு 9.40

புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000. போன வருடம் ஏப்ரலில் மனைவியின் நகையை வங்கியில் வைத்து 1,20,000 வாங்கினோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் வீட்டுக் கூரை. ஒரு வருடக் கெடு ஏப்ரல் 22-ல் முடிந்தது. நேற்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அசலும் வட்டியும் கட்டித் திருப்பாவிட்டால் ஏலம் என்று போட்டிருக்கிறார்கள். முதலாளியிடம் 1,35,000 முன்பணம் கேட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். மாதிரி இருந்தால் போடுங்கள்.

பழைய பேரேடு · ஜூன் 4, இரவு 10.25

மாதிரி அப்புறம். முதலில் தொகை.

நான் தேவகோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரிக் கடிதங்கள் எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் முதலாளியிடம் போகும். அவர் காரணத்தை முதலில் படித்து நான் பார்த்ததில்லை. தொகையைப் பார்ப்பார், அது எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று என்னிடம் கேட்பார். உங்கள் 1,35,000 ஏழரை மாதச் சம்பளம். மாதம் 3,000 பிடித்தால் 45 மாதம். எந்த முதலாளியும் அவ்வளவு தூரத்துக்குக் கணக்கை இழுத்துக்கொண்டு போக மாட்டார்.

ஒன்று சொல்லுங்கள். நகையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறீர்களா, இல்லை திரும்ப அங்கேயே வைக்கப் போகிறீர்களா?

புதுவயல் எடைமேடை · ஜூன் 4, இரவு 10.50

திரும்ப வைக்கத்தான் வேண்டும் ஐயா. வீட்டுக்குக் கொண்டுவர வசதி இல்லை. கவுன்டரில் இருந்தவர், "முழுசாகக் கட்டிவிட்டு மறுநாள் வந்து வையுங்கள்" என்றார்.

செக்காலை · ஜூன் 5, காலை 7.15

எதற்கு இவ்வளவு பணிவு? அட்வான்ஸ் கேட்பது தொழிலாளியின் உரிமை. சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கவும் முடியாது. இரண்டையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

பழைய பேரேடு · ஜூன் 5, காலை 8.05

தம்பி சொன்னதில் இரண்டாவது சரி, முதலாவது சரியில்லை. முன்பணம் கொடுக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. கொடுத்தால் அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றும், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதியைத் தாண்டக் கூடாது என்றும்தான் இருக்கிறது. 1936-ம் வருடச் சட்டத்தில் இருந்தது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அந்தப் பாதிக்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் அடங்கும். இது தெரிந்திருப்பது நல்லது. ஆனால் கடிதத்தில் எழுதக் கூடாது. உதவி கேட்கும் தாளில் சட்டத்தைக் காட்டினால், படிப்பவர் அதைத் தகராறின் ஆரம்பமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

எடைமேடைத் தம்பிக்கு: திரும்ப வைக்கப் போகிறீர்கள் என்றால் அசல் 1,20,000 உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடும். அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு தனித்தனித் தொகைகள். ஒன்று, ஓரிரு நாளைக்கு மட்டும் வேண்டிய 1,20,000. அது கைமாற்று. இன்னொன்று, வட்டிக்கு வேண்டிய பணம். அதுதான் சம்பளத்தில் பிடிக்க வேண்டிய முன்பணம். இரண்டையும் ஒரே தொகையாக எழுதினால் பெரிய கடன் போலத் தெரியும்.

கோட்டையூர் · ஜூன் 5, காலை 9.30

கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வங்கிக்கு எழுதுவது பற்றித்தானே பேசுகிறீர்கள்? எனக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் 4 பவுன் இருக்கிறது. யாருக்கு மனு எழுத வேண்டும்?

பழைய பேரேடு · ஜூன் 5, காலை 9.50

இல்லை. வேலை பார்க்கும் இடத்தில் முன்பணம் கேட்பது பற்றிப் பேசுகிறோம். நீங்கள் சங்கச் செயலாளரைப் போய்ப் பாருங்கள். தள்ளுபடி வரும் என்று நம்பி வட்டியை நிறுத்திவிடாதீர்கள்.

நகைப்பிரிவு · ஜூன் 5, பகல் 1.10

காரைக்குடியில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பிரிவில் இருந்தேன். அந்த 1,20,000 கைமாற்றே தேவைப்படாமல் போகலாம். அதனால் முதலாளியிடம் போவதற்கு முன்னால் வங்கிக்குப் போங்கள்.

கவுன்டரில் சொன்னது 2025-ல் பல கிளைகளில் நடந்த முறை. முழுவதும் கட்டி, நகையைக் கையில் வாங்கி, திரும்ப எடை போட்டுப் புதுக் கடன் எழுதினார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது நெறிமுறை வெளியிட்டது. வங்கிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் அதற்கு மாற வேண்டும் என்று கெடு. அதில், வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனை, சேர்ந்த வட்டியைக் கட்டினால் புதுப்பிக்கலாம் என்று இருக்கிறது. முக்கிய நிபந்தனை இரண்டு. வாடிக்கையாளர் தானே கேட்க வேண்டும். கடன் கணக்கு வராக்கடன் ஆகியிருக்கக் கூடாது.

கெடு தாண்டி 90 நாள் ஆனால் வராக்கடன். உங்களுக்கு ஏப்ரல் 22 கெடு என்றால் ஜூலை 21 வரை இருக்கிறது. அதைத் தாண்டினால் இந்த வழி அடைபடும்.

ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கடன் புது நெறிமுறைக்கு முன்னால் கொடுத்தது. பழைய முறைப்படிதான் முடிக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லலாம். கிளைக்குக் கிளை இது வேறுபடும், இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. கவுன்டரில் கேட்காதீர்கள். மேலாளருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அன்றைய தேதிக்கு வட்டி எவ்வளவு என்றும் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளே முதலாளிக்குக் கொடுக்கும் கடிதத்துக்கு இணைப்பாக ஆகும்.

பழைய பேரேடு · ஜூன் 5, பகல் 2.00

இது எனக்குப் புதுச் செய்தி. நான் காலையில் எழுதிய இரண்டு தொகைக் கணக்கு, வங்கி மறுத்தால் மட்டும் செல்லும். ஒப்புக்கொண்டால் கடிதம் மிகச் சிறியதாகிவிடும்.

வட்டி எத்தனை சதவீதம் தம்பி?

புதுவயல் எடைமேடை · ஜூன் 5, இரவு 8.30

9 சதவீதம்.

பழைய பேரேடு · ஜூன் 5, இரவு 9.10

மாதம் 900. போன வருட ஏப்ரலிலிருந்து இந்த ஜூன் வரை 14 மாதம் என்று வைத்தால் 12,600. தாமதக் கட்டணம், நோட்டீஸ் செலவு சேர்த்து 13,500-க்குள் முடிய வேண்டும். 1,35,000 என்று ஆரம்பித்தோம், இப்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கு வந்திருக்கிறோம்.

மாதப் பிடித்தத்தை முதலாளி சொல்லட்டும் என்று விடாதீர்கள். நீங்களே சொல்லுங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் செலவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். 18,000-ல் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 135 போனால் 16,065. மாதம் 2,250 பிடித்தால் ஆறு மாதத்தில் 13,500 தீரும், கையில் 13,815 வரும். அதில் வாடகையும் மளிகையும் பள்ளிக்கூடமும் போய் வருமா? வராது என்றால் ஒன்பது மாதம், 1,500 என்று கேளுங்கள். சீக்கிரம் தீர்க்கிறேன் என்று மாதம் 4,500 ஒப்புக்கொள்பவர்கள் மூன்றாம் மாதமே வந்து புது முன்பணம் கேட்பார்கள். முதலாளிக்கு அந்த இரண்டாவது கடிதம்தான் பிடிக்காது.

கண்டனூர் அக்கா · ஜூன் 6, காலை 6.40

என் கதையைச் சொல்கிறேன். காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். குழுக்கடன், வாரத் தவணை. மகனுக்கு மஞ்சள் காமாலை வந்து நான்கு வாரம் கட்ட முடியவில்லை. வசூலுக்கு வருபவர் கடை வாசலிலேயே வந்து நின்றார். கஷ்டத்தை எல்லாம் இரண்டு பக்கம் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். கணவர் குடிப்பது, மாமியார் பேச்சு, எல்லாம். அவர் படித்துவிட்டு, "பார்க்கலாம்மா" என்றார். அவ்வளவுதான்.

கேஷியர் அக்காதான் திரும்ப எழுதச் சொன்னார். அரைப் பக்கம். எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள், எப்படித் திருப்புவேன். கூடவே தவணை அட்டையின் நகல். அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். முதல் கடிதத்தில் இருந்ததும் உண்மைதான். ஆனால் அதைப் படித்து முதலாளி என்ன செய்ய முடியும்? இன்றும் அவர் என்னைப் பார்க்கும்போது அந்த இரண்டு பக்கமும் அவர் மனதில் இருக்கும் என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

செக்காலை · ஜூன் 6, காலை 7.20

கடை வாசலில் வந்து நிற்பதெல்லாம் இப்போது குற்றம் அக்கா. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2025-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. போலீஸில் சொல்லலாம்.

கண்டனூர் அக்கா · ஜூன் 6, காலை 7.45

தெரியும் தம்பி. குழுவில் மற்ற பத்துப் பேரும் என் தெருக்காரர்கள். போலீஸுக்குப் போனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆத்தங்குடி மணல் · ஜூன் 6, இரவு 9.00

முன்பணம் வாங்குவது சரி, அது எப்படித் தீருகிறது என்று யாராவது பார்த்தீர்களா? நான் பூக்கல் பட்டறையில் வேலை. கல் கணக்குக்குக் கூலி, சம்பளச் சீட்டெல்லாம் கிடையாது. வேறொரு பட்டறையில் இருந்தபோது தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கினேன். வாரா வாரம் பிடித்தார்கள். எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மிச்சம் என்று எங்கும் எழுதவில்லை. கேட்டால், "இன்னும் இருக்கு" என்பார்கள். மழை நாளில் கல் காயாது, வேலை இருக்காது. அந்த வாரம் சாப்பாட்டுக்கு வாங்கியதும் அதே கணக்கில் சேரும். வேறு பட்டறைக்குப் போகலாம் என்றால் பாக்கியைக் கட்டிவிட்டுப் போ என்றார்கள்.

பழைய பேரேடு · ஜூன் 6, இரவு 9.50

இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயமாக நினைக்கிறேன். முன்பணத்தைக் காட்டி ஆளை வேலையிலேயே கட்டி வைப்பது 1976-ம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். உங்களுக்கு நடந்தது அந்த அளவுக்குப் போனதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணக்கு எழுதாத முன்பணம் அந்தப் பக்கம்தான் சாயும்.

அதனால் எடைமேடைத் தம்பிக்கு இதைச் சொல்கிறேன். கடிதத்தை இரண்டு பிரதி எடுங்கள். அனுமதித்த தொகையையும் மாதப் பிடித்தத்தையும் முதலாளி தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் பிடித்தமும் மீதியும் தனித்தனியாக வர வேண்டும். சீட்டு தராத இடம் என்றால், ஒரு சிறு நோட்டில் நீங்களே எழுதிக் கணக்கப்பிள்ளையிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள். வெற்றுத் தாளில், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் இது பழைய பழக்கம்தான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடைப் பிள்ளைகளை அனுப்பிய காலத்தில் மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு என்று ஓர் ஒப்பந்தம் எழுதி, கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு பகுதியைக் கையில் கொடுப்பார்கள் என்று என் ஐயா சொல்வார். பெட்டியடிப் பையனுக்குக்கூடச் சீட்டு உண்டு. வாங்கியதும் கழிந்ததும் பேரேட்டில் அவன் பெயரில் தனிப் பக்கத்தில் ஏறும். அதனால் மாதம் முடிந்ததும் உங்கள் கணக்குப் பக்கத்தைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

புதுவயல் எடைமேடை · ஜூன் 8, மாலை 6.15

மேலாளரைப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன், முத்திரை வாங்கினேன். மண்டல அலுவலகத்தில் கேட்டுவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன் என்றார். இன்றைய தேதிக்கு வட்டியும் கட்டணமும் சேர்த்து 12,940 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வெளியே வந்தால் ஒருவர் பின்னாலேயே வந்து, "திருப்பி வைக்கணுமா, ஒரு நாளைக்குப் பணம் தருகிறேன்" என்றார். லட்சத்துக்கு ஒரு நாள் 1,000.

நகைப்பிரிவு · ஜூன் 8, இரவு 7.00

அவரிடம் போகாதீர்கள். 1,20,000-க்கு ஒரு நாள் 1,200. நீங்கள் வங்கிக்கு ஒரு மாதத்துக்குக் கட்டும் வட்டியை விட அதிகம். நகை கைக்கு வந்ததும் அவர் கூடவே நிற்பார், மதிப்பீட்டாளர் அன்று வரவில்லை என்றால் இரண்டாம் நாள் ஆகும். இது கந்துவட்டிதான், 2003 சட்டத்தில் தடை செய்தது.

இன்னொன்று. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இப்போது கூடுதலாகவே கிடைக்கும். புது நெறிமுறையில் 2.5 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம். பழைய கடனை முடித்துவிட்டு 1,35,000-க்கு வைத்தால் வட்டியும் அதிலேயே அடங்கிவிடும். முதலாளியிடம் மாதப் பிடித்தமே தேவையில்லை, கைமாற்று மட்டும் போதும்.

பழைய பேரேடு · ஜூன் 8, இரவு 8.20

முடியும் என்பது சரி. ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. வட்டியை அசலில் சேர்த்து வைத்தால் அடுத்த வருடம் 1,35,000-க்கு வட்டி ஓடும், 12,150. அதையும் சேர்த்தால் அதற்கடுத்த வருடம் 1,47,150. தங்கம் ஏறிக்கொண்டே போகும் வரை வங்கி எழுதிக் கொடுக்கும். விலை இறங்கும் வருடத்தில் வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டச் சொல்வார்கள். சம்பளத்தில் கழிகிற முன்பணம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும்.

நகைப்பிரிவு · ஜூன் 8, இரவு 8.45

மாதம் 2,250 பிடித்தால் அவர் பள்ளிக் கட்டணத்துக்கு வேறு இடத்தில் வாங்குவார். அங்கே வட்டி 9 சதவீதமாகவா இருக்கும்? நான் கவுன்டரில் பார்த்தது அப்படித்தான்.

பழைய பேரேடு · ஜூன் 8, இரவு 9.30

அதுவும் நடக்கிற காரியம்தான். இதை அவர் வீட்டுக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும், நாம் இல்லை.

இப்போது கடிதம். வங்கி ஒப்புக்கொண்டால் இப்படி:

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, எடைமேடைக் கணக்கில் பணிபுரியும் நான் வணக்கத்துடன் எழுதுவது. என் மனைவியின் பெயரில் உள்ள நகைக்கடன் ரூ. 1,20,000-க்குக் கெடு ஏப்ரல் 22-ல் முடிந்துவிட்டது. சேர்ந்துள்ள வட்டியும் கட்டணமும் ரூ. 12,940. இதைக் கட்டினால் கடனைப் புதுப்பிக்க வங்கி சம்மதித்துள்ளது. வங்கி எழுதிக் கொடுத்த தாளும் நோட்டீஸின் நகலும் இணைத்துள்ளேன். என் சம்பளத்தில் முன்பணமாக ரூ. 13,500 இம்மாதம் 20-ம் தேதிக்குள் தந்து உதவ வேண்டுகிறேன். ஜூலை மாதச் சம்பளத்திலிருந்து மாதம் ரூ. 2,250 வீதம் ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இடையில் நான் வேலையை விட நேர்ந்தால், மீதியை எனக்கு வர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளலாம். வேறு முன்பணப் பாக்கி எனக்கு இல்லை. தொகையை நேராகக் கடன் கணக்கில் செலுத்தினாலும் சம்மதமே."

கடைசி வரியை எடுக்காதீர்கள். பணம் வேறு வழியில் போய்விடுமோ என்ற சந்தேகம் எந்த முதலாளிக்கும் உண்டு, அதை அந்த வரி தீர்த்துவிடும். அவசரம் என்ற சொல் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? தேதியே அதைச் சொல்லிவிடுகிறது. வங்கி மறுத்தால் இதற்குக் கீழே இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: கைமாற்றாக 1,20,000, மறு அடகு வைத்த அன்றே ஆலைக் கணக்கில் திருப்பிச் செலுத்துவது, கூட ஆலையிலிருந்து ஓர் ஆள் வரலாம் என்பது.

பழைய பேரேடு · ஜூன் 8, இரவு 9.50

நேரம் பற்றி விட்டுவிட்டேன். தை, மாசியில் நெல் வரத்து இருக்கும்போது ஆலை முதலாளியின் பணம் எல்லாம் மூட்டையாக நிற்கும், அப்போது கேட்டால் கிடைக்காது. இப்போது பரவாயில்லை. சம்பளம் போடும் வாரத்தைத் தவிர்த்து, காலையில், ஆட்கள் இல்லாதபோது நேரில் கொடுங்கள். வாட்சப்பில் அனுப்பாதீர்கள்.

கண்டனூர் அக்கா · ஜூன் 9, காலை 6.30

வேலையை விட்டால் கழித்துக்கொள்ளலாம் என்று நாமே ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? நாளைக்கு அதையே காட்டி நிறுத்திவிட்டால்?

பழைய பேரேடு · ஜூன் 9, காலை 8.00

நியாயமான பயம். அவர்கள் மனதில் உள்ள கேள்விக்கு நாம் முன்னாலேயே பதில் சொல்வது என்ற கணக்கில் எழுதினேன். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடலாம், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

புதுவயல் எடைமேடை · ஜூன் 12, இரவு 8.10

வங்கி சம்மதித்துவிட்டது. வட்டி கட்டிப் புதுப்பிக்கலாமாம். நேற்று மாலை செய்தி வந்தது, இன்று காலை கடிதம் கொடுத்தேன். அக்கா சொன்ன வரியை எடுத்துவிட்டேன். முதலாளி படித்துவிட்டு வங்கித் தாளைத் திருப்பிப் பார்த்தார். "13,500 எதற்கு, 12,940 தானே?" என்றார். கட்டும் நாள் வரை வட்டி ஓடும் என்றேன். 13,000 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதம் 2,000, ஏழாம் மாதம் மீதி 1,000. திங்கட்கிழமை கணக்கப்பிள்ளையே வங்கிக்கு வந்து கட்டுகிறார். வட்டி தினமும் ஏறுவதால் நூறு, இருநூறு குறையும், அதை நான் போட்டுக்கொள்கிறேன். பிரதி என்னிடம் இருக்கிறது.

ஒரு சந்தேகம். ஜூன் மாதச் சம்பளத்திலிருந்தே பிடிப்போம் என்கிறார் கணக்கப்பிள்ளை. கடிதத்தில் ஜூலை என்று இருக்கிறது.

பழைய பேரேடு · ஜூன் 12, இரவு 8.40

முதலாளி கையெழுத்துப் போட்ட தாளில் ஜூலை என்று இருந்தால் ஜூலைதான். பிரதியைக் கணக்கப்பிள்ளையிடம் காட்டுங்கள், பேச்சை வளர்க்க வேண்டாம். அப்படியும் பிடித்துவிட்டால் ஜூன் சீட்டில் மீதி 11,000 என்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.